எதிர்ப்பு சக்தி குறைவா, கூடுதலா? முந்திரி அலர்ஜியும் அக்காவின் கேள்விகளும்

"எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கிறதாலதானேடி இவனுக்கு இப்படி வருது?"

மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து என் அக்கா போனில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்கவில்லை. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று யாரோ சொன்ன பொடி, லேகியம், சிரப் எல்லாம் வீட்டில் வந்து இறங்கிவிட்டன. அலர்ஜி என்றதும் 'குழந்தை பலவீனமா இருக்கு' என்றுதான் நம் வீடுகளில் முதலில் நினைக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். எதிர்ப்பு சக்தி வேலை செய்யாததால் வருவதில்லை அலர்ஜி. வேலையே இல்லாத இடத்தில் அது வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவதால் வருவது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். பந்தியில் குழந்தைக்கு ஒரு கிண்ணம் சேமியா பாயசம். நாலைந்து ஸ்பூன் உள்ளே போயிருக்கும். ஐந்து நிமிடத்தில் வாயைத் தேய்க்க ஆரம்பித்தான். உதடு வீங்கியது. கழுத்து, வயிறு என்று காணாக்கடி போலத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. அப்புறம் இரண்டு முறை வாந்தி. பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது.

அடுத்த வாரம், யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் 'அலர்ஜி பேக்கேஜ்' ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் பால், கோதுமை, முட்டை, முந்திரி, பிஸ்தா, இறால் ஆறுக்கும் நேராக 'பாசிட்டிவ்'. அக்கா அத்தனையையும் நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் இட்லி, ரசம் சாதம், கஞ்சி, வாழைப்பழம். 14 கிலோ இருந்த பிள்ளை 13 கிலோவுக்கு வந்துவிட்டான். அவனுக்கு அலர்ஜி இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால், அந்த ஒரு மாதம் அவனை இளைக்க வைத்தது அலர்ஜி இல்லை, அந்தக் காகிதம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை என்பதால் மருத்துவர்களிடம் பேசி எழுதுவது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் சொந்தக் குழந்தை என்றதும் கேள்விகள் வேறு மாதிரி வந்தன. குழந்தைகளுக்கான அலர்ஜி மருத்துவர் ஒருவரிடம் அக்காவோடு நானும் போனேன். அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே சொல்கிறேன்.

நம் உடம்பை ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன். கிருமி வந்தால் விரட்ட வேண்டும், சாப்பாடு வந்தால் உள்ளே விட வேண்டும். சாப்பாட்டை 'இது நம்ம ஆள்' என்று பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்வதும் எதிர்ப்பு சக்தியின் வேலைதான். சில குழந்தைகளிடம் ஏதோ ஒரு உணவு விஷயத்தில் இந்தப் பாடம் தவறிப்போகிறது. முந்திரியில் இருக்கும் ஒரு புரதத்தைத் திருடன் என்று வாட்ச்மேன் முடிவுகட்டிவிடுகிறார். உடனே அந்தப் புரதத்தை மட்டுமே பிடிக்கும் 'ஐ.ஜி.இ' என்ற எதிர்ப்புப் புரதத்தை உடம்பு தயாரிக்கிறது. குடல் புழுக்கள் போன்ற ஒட்டுண்ணிகளோடு சண்டை போட உருவான ஆயுதம் இது என்று கருதுகிறார்கள். இங்கே அது குறிவைப்பது பாயசத்தில் மிதக்கும் முந்திரியை.

இந்த ஐ.ஜி.இ, 'மாஸ்ட் செல்' எனப்படும் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல், உதடு, குடல், மூச்சுக்குழாய் என்று வெளியுலகம் வந்து தொடும் இடங்களில் எல்லாம் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள் குட்டிக் குட்டிப் பைகளில் தயாராக இருக்கும். ஆயுதம் தயார், ஆள் தயார். அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

அக்காவின் அடுத்த கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. "முதல் பிறந்தநாளுக்கு முந்திரி கேக் சாப்பிட்டானே, அப்ப ஒண்ணுமே ஆகலையே! அப்ப முந்திரியா இருக்காதுல்ல?"

இருக்கலாம். முன்பு ஒத்துக்கொண்டது என்பதால் ஒரு பொருளை நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. ஐ.ஜி.இ உருவாகி மாஸ்ட் செல்களில் உட்காரும் கட்டம் சத்தமில்லாமல் நடந்துவிடும். அடுத்து எப்போதாவது அதே புரதம் உள்ளே வரும்போது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐ.ஜி.இ-க்களை அது பாலம் மாதிரி இணைக்கிறது. அந்த இணைப்புதான் ஸ்விட்ச். மாஸ்ட் செல்லின் பைகள் சில நிமிடங்களில் உடைந்து கொட்டுகின்றன.

'அலர்ஜி' என்ற சொல் பிறந்ததே இப்படி இரண்டாம் முறையைக் கவனித்ததில்தான். வியன்னாவில் கிளெமென்ஸ் வான் பிர்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசிக்குச் சில நாள்கள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வந்த குழந்தைகளுக்கு, இரண்டாவது ஊசியில் அதெல்லாம் சீக்கிரமே வந்துவிடுவதை அவர் பார்த்தார். உடம்பு எதையோ ஞாபகம் வைத்துக்கொண்டு வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று புரிந்தது. 'வேறு' என்றும் 'வினை' என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1906-ல் 'அலர்ஜி' என்று பெயர் வைத்தார். காப்பாற்ற வேண்டிய சக்தியே கஷ்டம் கொடுக்கும் என்பதை அன்றைக்குப் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லையாம். அக்காவுக்கும் முடியவில்லை. அதில் ஆச்சர்யம் ஒன்றுமில்லை.

சரி, பாயசத்துக்கு வருவோம். அந்த மருத்துவர் ரிப்போர்ட்டை உடனே பார்க்கவில்லை. மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அன்னிக்குப் பாயசத்துல என்னென்ன இருந்துச்சும்மா?" என்றார். ஒரு பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார். பால், சேமியா, நெய், சர்க்கரை, ஏலக்காய், திராட்சை, முந்திரி.

"காலையில பால் குடிச்சானா?"

"குடிச்சான் சார், ஒரு டம்ளர்."

பால் அடிக்கப்பட்டது. சேமியா உப்புமா முந்தின வாரம்தான் சாப்பிட்டிருக்கிறான். கோதுமையும் போயிற்று. நெய் தினமும் பருப்பு சாதத்தில் உண்டு. ஏலக்காய் போட்ட கேசரி, கோயில் சர்க்கரைப் பொங்கலில் திராட்சை, எல்லாம் பிரச்னை இல்லாமல் சாப்பிட்டவன்தான். கேசரியிலும் பொங்கலிலும் முந்திரி இருந்திருக்குமே என்று கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, முழு முந்திரி தொண்டையில் சிக்கும் என்று பயந்து பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் ஊட்டுவேன் என்றாள். பந்தியில் அவள் பக்கத்தில் இல்லை. ஊட்டியது வேறு யாரோ. அந்தப் பாயசத்தில் முந்திரியை அரைத்தும் விட்டிருந்தார்கள் என்பது பிறகு சமையல்காரரிடம் விசாரித்துத் தெரிந்தது.

பேப்பரில் அடிபடாமல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். எந்தக் கருவியும் இல்லாமல், பத்து நிமிடப் பேச்சில் கிடைத்த பதில் அது.

அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டைத் திருப்பினார். "இதுல பாசிட்டிவ்னா, இந்தப் பொருளுக்கு ரத்தத்துல ஐ.ஜி.இ இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான். சாப்பிட்டா ரியாக்‌ஷன் வரும்னு அர்த்தம் இல்ல" என்றார். வாட்ச்மேன் கையில் போட்டோ இருக்கிறது. ஆனால், ஆளைப் பார்த்தால் விசிலடிப்பாரா, சும்மா விட்டுவிடுவாரா என்பதை ரிப்போர்ட் சொல்லாது. தினமும் பாலும் முட்டையும் சப்பாத்தியும் சாப்பிட்டு நன்றாக இருந்த பிள்ளைக்கு, காகிதம் பாசிட்டிவ் என்கிறது என்பதற்காக அவற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் சத்து மட்டும் போவதில்லை. கரப்பான் உள்ள குழந்தைகளில், ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, நிஜமான அலர்ஜியே வந்துவிட்ட சம்பவங்களும் உண்டு. பழக்கத்தில் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. அக்கா மகன் நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டதால் பால், முட்டை, கோதுமை மூன்றையும் அவர் தன் மேற்பார்வையிலேயே மறுபடி ஆரம்பித்தார். எதுவும் ஆகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 'ஐ.ஜி.ஜி' என்று ஒரே ஒரு எழுத்து மாறிய வேறொரு பரிசோதனையும் 'உணவு ஒவ்வாமை டெஸ்ட்' என்ற பெயரில் விற்பனையாகிறது. ஒரு உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். நிறைய இட்லி சாப்பிடுகிறவருக்கு அரிசி என்று வரும். அதை வைத்து அலர்ஜியைத் தீர்மானிக்க முடியாது. காசு கட்டும் முன் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

முந்திரிச் சந்தேகத்தை உறுதிசெய்ய தோலில் ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். முன்கையில் பேனாவால் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு சொட்டு, அதன் வழியாக ஊசியால் மிக லேசாக ஒரு குத்து. ரத்தம் வராது. உப்புத்தண்ணீரும் ஹிஸ்டமினும் ஒவ்வொரு சொட்டு. உப்புத்தண்ணீர் வீங்கக் கூடாது, ஹிஸ்டமின் வீங்க வேண்டும். அப்போதுதான் டெஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இதற்காகச் சில நாள்களுக்கு முன்பே சளி, அரிப்பு சிரப்களை நிறுத்தச் சொல்லியிருந்தார். 15 நிமிடம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் வீங்கினாலே பாசிட்டிவ். முந்திரி 9, பிஸ்தா 6. பாலும் கோதுமையும் ஒன்றுமில்லை.

பிஸ்தாவை அவன் வாழ்க்கையில் சாப்பிட்டதே இல்லை. அப்புறம் எப்படி? முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டின் புரதங்களும் அண்ணன் தம்பி மாதிரி. முந்திரிக்கு எடுத்த போட்டோ பிஸ்தாவுக்கும் பொருந்திவிடுகிறது. மாமரமும் அதே குடும்பம்தான் என்று நான் படித்துவிட்டுப் பதற, மாம்பழம் சாப்பிட்டுப் பழகியவன்தானே, தாராளமாகக் கொடுங்கள் என்றார்.

9 மில்லிமீட்டர் என்றதும் அக்கா முகம் வெளுத்துவிட்டது. ஆனால், வீக்கத்தின் அளவு அலர்ஜி இருப்பதற்கான வாய்ப்பைத்தான் சொல்கிறது. அடுத்த ரியாக்‌ஷன் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அது சொல்லாது. போன முறை லேசாக வந்தது என்பதும் சொல்லாது. 'கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்' என்று எங்கள் பெரியம்மா சொல்வது இதனால்தான் ஆபத்து. அப்படிப் பழக்கும் சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. ஆனால், அது மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் கண் முன்னால் நடப்பது. வீட்டு அடுப்படியில் செய்கிற காரியம் இல்லை.

வறுத்தால், கொதிக்கவைத்தால் போய்விடாதா என்றும் கேட்டாள். முந்திரிப் புரதம் சூட்டைத் தாங்கும். நெய்யில் பொன்னிறமாக வறுத்தாலும் அது முந்திரிதான். நம் ஊர் சமையலில் முழு முந்திரி கண்ணில் பட்டுவிடும், அரைத்த முந்திரிதான் வில்லன். ஹோட்டல் குருமா, பனீர் பட்டர் மசாலா, மலாய் கோஃப்தா, வெள்ளையாக வரும் எந்த கிரேவியாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'நட்ஸ் இருக்கா?' என்று கேட்டால் சில சர்வர்கள் பாதாமை நினைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். 'முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கீங்களா?' என்று அக்கா இப்போது நேராகக் கேட்கிறாள். பாக்கெட் உணவுகளில் இந்தக் கஷ்டம் குறைவு. பால், முட்டை, மீன், நண்டு-இறால் வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை இருக்கிறது. பொருள்கள் பட்டியலுக்குக் கீழே பாருங்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டாள். "நான் கர்ப்பமா இருந்தப்ப முந்திரி நிறைய சாப்பிட்டேன் சார். அதனாலயா?"

"இல்லம்மா" என்றார். கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் இருந்ததா என்று திருப்பிக் கேட்டார். இருந்தது. தோல் வறண்டு வெடித்திருக்கும்போது, வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் உணவின் துகள்கள் அந்த விரிசல் வழியாக உள்ளே போகின்றன. தோல் வழியாக வருவதை உடம்பு எதிரியாகப் பார்க்கும். வாய் வழியாக, குடலுக்கு வருவதைச் சாப்பாடாகப் பார்க்கும். எந்த வாசலில் முதலில் பார்க்கிறது என்பது முக்கியம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேர்க்கடலை உணவைச் சின்ன வயதிலேயே கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு ஐந்து வயதுவரை கண்ணில் காட்டவில்லை. தவிர்த்த பிரிவில் 100-க்கு 17 குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி வந்தது. சாப்பிட்ட பிரிவில் 100-க்கு 3. பயந்து தள்ளிப்போடுவதுதான் பாதுகாப்பு என்று அதுவரை மருத்துவர்களே சொல்லி வந்ததை இந்த ஆய்வு மாற்றியது. கைக்குழந்தைக்குக் கரப்பான் இருந்தால், எதை எப்போது ஆரம்பிப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முழுக் கொட்டை மட்டும் சின்னக் குழந்தைகளுக்கு எப்போதும் கூடாது, புரையேறிவிடும்.

இனி, மறுபடி தவறி உள்ளே போனால் என்ன செய்வது? நான் மிகக் கவனமாகக் குறித்துக்கொண்ட பகுதி இதுதான்.

ஹிஸ்டமின் ரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கசிய விடும். தோலில் கசிந்தால் தடிப்பு, உதட்டில் வீக்கம். குடலை இறுக்கினால் வாந்தி, வயிற்றுவலி. மூச்சுக்குழாய் இறுகினால் இருமல், வீசிங். உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் தளர்ந்தால் ரத்த அழுத்தம் சரியும். குழந்தை துவண்டு, வெளிறிப் போகும். நாலு தடிப்பு மட்டும் வந்து, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் அரிப்பு சிரப் கொடுத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கலாம். தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் மாறுதல், தொடர் வாந்தி, துவண்டுபோதல் இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதற்குப் பெயர் 'அனாஃபிலாக்சிஸ்'. தடிப்பே இல்லாமல் மூச்சு மட்டும் திணறினாலும், தெரியாமல் முந்திரி சாப்பிட்ட பிறகு என்றால், அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் சிரப் போதாது. சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது, சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின் ஊசி மட்டுமே. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள் போட வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். வெளிநாட்டுப் படங்களில் பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் குத்திக்கொள்வார்களே, அது நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பியூலும் சிரிஞ்சும் கொடுத்து, அளவைக் குறித்து, எப்படி எடுத்துப் போடுவது என்று அக்காவுக்கும் மாமாவுக்கும் சொல்லித் தந்தார் மருத்துவர். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார்கள். ஊசி போட்டதும் குழந்தையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார விடலாம். தூக்கி நிறுத்தவோ நடத்தவோ கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் இருக்க வேண்டும். ஏனென்றால், அடங்கியது மறுபடி கிளம்புவது உண்டு.

"அன்னிக்குத் தடிப்பு, உதடு வீக்கம், ரெண்டு வாந்தி. அதுவே ஊசி போட வேண்டிய ரியாக்‌ஷன்தான்" என்றபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ப்ரீ-கேஜி டீச்சரிடம் ஒரு பக்கக் காகிதம் கொடுத்தாயிற்று. மேலே பையனின் போட்டோ, கீழே என்ன தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி, இரண்டு போன் நம்பர். பிறந்தநாள் சாக்லேட்டை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே பிரித்துக் கொடுக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பால் அலர்ஜியும் முட்டை அலர்ஜியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். முந்திரி அப்படி எளிதில் போவதில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை டெஸ்ட்.

ரிப்போர்ட்டில் மிச்சம் இருப்பது இறால் மட்டும். அவன் இன்னும் சாப்பிட்டதில்லை. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவானா என்று மருத்துவர் கேட்டார். தும்முவான். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணி வாழ்கிறது. அதன் தசைப் புரதமும் இறாலின் தசைப் புரதமும் ஏறக்குறைய ஒரே சாயல். தூசி உண்ணிக்கு எடுத்த போட்டோதான் இறாலுக்கும் பாசிட்டிவ் காட்டுகிறதோ என்பது அவர் சந்தேகம். தெரிந்துகொள்ள ஒரே வழி, மருத்துவமனையில் உட்காரவைத்து, கடுகளவில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போவது. தலையணை உறைகளை வாரா வாரம் வெந்நீரில் துவைக்கச் சொல்லியிருக்கிறார். இறாலுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். அக்கா வீட்டிலிருந்தே இறாலை வேகவைத்து எடுத்துவர வேண்டுமாம், மசாலா எதுவும் சேர்க்காமல்.